கபிலரின் குருகு: ஒரு பாட்டு, இரு படிப்பு

குறுந்தொகையில் கபிலர் பாடிய 25-ஆம் பாட்டு ஐந்தே அடிகளால் ஆனது. களவில் கூடிய தலைவன் மணத்தை நீட்டித்துக்கொண்டே போகிறான். தலைவி தோழியிடம் பேசுகிறாள். அன்று அவ்விடத்தே அந்தக் கள்வனன்றிப் பிறர் எவரும் இருந்திலர். அவன் சொல் தவறினால் தனக்குக் கதி யாது என வினவுகிறாள். பிறகு நினைவு வந்தாற்போல, ஓடும் நீரில் ஆரல் மீனை எதிர்நோக்கி நின்ற குருகு ஒன்றும் அங்கிருந்தது என்று முடிக்கிறாள். நண்பர்களே, இப்பாட்டை இருவகையாகப் படித்துப் பார்ப்போம்.

முதலாவது, வடிவத்தை மட்டுமே நோக்கும் படிப்பு. பாட்டையும், அது படிப்பவன் உள்ளத்தில் விளைக்கும் உணர்ச்சியையும் ஒன்றெனக் குழப்பலாகாது என்று விம்சட், பியர்ட்சுலி என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1949-இல் வாதிட்டனர். அவர்கள் வழி நின்று சொற்களை மட்டும் நோக்கினேன். பாட்டின் முதலடியில் ‘இல்லை’ நிற்கிறது; கடைசி அடியில் ‘உண்டு’ நிற்கிறது. இவ்விரண்டிற்கும் பாலமாவது குருகோடு சேர்ந்துவரும் ‘உம்’ என்னும் சிற்றிடைச்சொல். அது குருகைக் கள்வனுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. அசையாது நின்று இரைக்குக் காத்திருக்கும் பறவையும் அவனும் ஓரினமோ என்ற ஐயம் நமக்கு எழுவது அதனாலேதான். தலைவி அதனை வாய்விட்டுச் சொல்லவில்லை. மேலும், ஏனைய அடிகளுக்கு நான்கு சீர் இருக்க, நான்காம் அடிக்கு மூன்றே சீர். இதனைக் கபிலரின் தனித்திறம் என்று வியந்துவிடக் கூடாது. ஈற்றயலடி முச்சீராக வருவது நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம். ஆனால், அக்குறுகிய அடியில் மீனை நோக்கும் பார்வையை வைத்தது புலவரின் தேர்வு.

இரண்டாவது, படிப்பவனை நோக்கும் படிப்பு. ஸ்டான்லி ஃபிஷ் 1970-இல் எழுதிய கட்டுரையில், ‘இதன் பொருள் என்ன?’ என்று கேட்பதை விட்டு, ‘இச்சொல் என்ன செய்கிறது?’ என்று ஒவ்வொரு சொல்லிடத்தும் நின்று கேட்கச் சொன்னார். அவ்வாறே மெல்லப் படித்தேன். எவரும் இல்லை என்றவள், மூன்றாம் அடியில் திடீரெனக் கால்களை வருணிக்கத் தொடங்குகிறாள். யாருடைய கால்கள்? தினைத்தாள் போன்றவை, சிறியவை, பசியவை; ஆகவே மனிதக் கால்கள் அல்ல. ஆயினும் ஏதோ ஓர் உயிர் அங்கு நின்றது, சான்று கிடைத்தது என்று மனம் பற்றிக்கொள்கிறது. அடுத்து நீர் வருகிறது, ஆரல் வருகிறது, அதன் பின்னரே ‘பார்க்கும்’ என்ற சொல் வருகிறது. அதாவது, பார்க்கும் கண் ஒன்று உண்டு என அறியும் முன்பே, அக்கண் மீனுக்கு உரியதாகிவிட்டது! கொடுத்த நம்பிக்கையைக் கொடுக்கும்போதே பறித்துக்கொள்கிறது பாட்டு. பறவையின் பெயர் கடைசி அடியில்தான் வெளிப்படுகிறது.

பெயருக்கு முன் அடைவரும் தமிழ்த் தொடரமைப்பாலேயே இது நிகழ்கிறது. ஏ. கே. இராமானுசன் 1967-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் குருகு முதலில் வந்து நிற்கிறது. கால்களும் மீனும் பின்னரே வருகின்றன. மிக அழகிய மொழிபெயர்ப்புத்தான். ஆனால் இந்தச் சிறு ஏமாற்றம் அதில் நேர்வதில்லை. இதனை எனக்குக் காட்டியது இரண்டாவது படிப்பே. சொற்களின் உறவை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த வரையில் அது என் கண்ணில் படவில்லை.

ஆனால் இப்படிப்பில் ஓர் இடர் உண்டு. விடுதி நண்பர் இருவரிடம் பாட்டைக் காட்டினேன். குருகைச் சொல்லும்போது தலைவி கசந்து சிரிக்கிறாள் என்றார் ஒருவர். துரும்பையேனும் பற்றத் துடிக்கிறாள் என்றார் மற்றவர். ‘உம்’ இரண்டிற்கும் இடம் தருகிறது; வடிவத்தைக் கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. அதற்காக எல்லாம் சரியென்று விட்டுவிடவும் முடியாது. தலைவன் ஏமாற்றிவிட்டுப் போய்விட்டான் என்று அவர்களுள் ஒருவர் சினந்தார். பாட்டோ ‘பொய்த்தான்’ என்று சொல்லவில்லை. பொய்த்தால் என்றே அஞ்சுகிறது. இங்கே இலக்கணம் வாசகரை மறுத்துவிடுகிறது.

வடிவப் படிப்பாளரிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. மணம் நீட்டித்தது, கேட்பவள் தோழி என்ற செய்திகள் ஐந்தடிக்குள் எங்கே இருக்கின்றன? அவை பாட்டுடன் வரும் கூற்றுக் குறிப்பில் உள்ளவை. அக்குறிப்பு புலவர் எழுதியதன்று, பின்வந்தோர் சேர்த்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. அப்படியானால் அது என்ன? பழைய வாசகர் ஒருவர், படித்தபின் தம் உள்ளத்தில் எழுந்ததை எழுதிவைத்ததுதானே! என் முதற்பத்தியில் நானும் அதனை எடுத்துக்கொண்டுதான் தொடங்கினேன். அக்குறிப்பைத் தாளால் மறைத்து, துறை அறியாத ஒருவரிடம் இப்பாட்டைக் கொடுத்துப் பாருங்கள். அவள் யாரிடம் பேசுகிறாள் என்று அவரைக் கேளுங்கள்.