எந்த நாளிலிருந்து 24 மாதம்?

அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்கள் விலையை மாதக்கணக்கில் பேசுவார்கள். கட்டுமான ஒப்பந்தத்தை மட்டும் பத்து நிமிடத்தில் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். அதற்குக் காரணமான சில நம்பிக்கைகளை இங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: "24 மாதத்தில் வீடு தருவதாக எழுதியிருக்கிறதே, தேதி இல்லை என்று எப்படிச் சொல்லலாம்?"

உண்மை: 24 மாதம் என்பது ஒரு கால அளவுதான். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது எழுதப்படாதவரை அது தேதி ஆகாது. வரைவுகளில் வழக்கமாகக் காணப்படும் வாசகம் இது: "கட்டுமானப் பணி தொடங்கிய நாளிலிருந்து 24 மாதங்களுக்குள், 6 மாத கூடுதல் அவகாசத்துக்கு உட்பட்டு, ஒப்படைக்க முயற்சி செய்யப்படும்." பணி தொடங்கிய நாள் எது? பூமி பூஜை நாளா, அஸ்திவாரம் தோண்டிய நாளா? அதைத் தீர்மானிப்பவர் கட்டுநர். "முயற்சி செய்யப்படும்" என்பது இன்னும் மோசம். முயன்றேன், முடியவில்லை என்று சொன்னாலே அந்த வாக்குறுதி நிறைவேறியதாகிவிடும்.

உச்ச நீதிமன்றம் வரை போன குருகிராம் வழக்கு ஒன்றில், பயனியர் அர்பன் என்ற நிறுவனத்தின் ஒப்பந்தம் அப்படித்தான் இருந்தது. நிலம் தோண்டத் தொடங்கிய நாளிலிருந்து 39 மாதங்களுக்குள், 180 நாள் கூடுதல் அவகாசத்தோடு, குடியேறும் சான்றுக்கு விண்ணப்பிக்க எல்லா முயற்சியும் எடுப்பதாக அதில் எழுதப்பட்டிருந்தது. அதாவது, வீடு தருகிறேன் என்றுகூட அந்த வரி சொல்லவில்லை. விண்ணப்பிக்க முயல்கிறேன் என்றுதான் சொன்னது. ஒப்பந்தம் 2012 மே மாதம் கையெழுத்தானது. தோண்டத் தொடங்கியது 2012 ஜூன் 4. கூடுதல் அவகாசத்தையும் சேர்த்தால் கெடு 2016 மார்ச்சில் முடிகிறது. சான்று கிடைத்ததோ 2018 ஆகஸ்டில்.

ஆகவே வரைவில் மூன்று தேதிகளைத் தேடுங்கள்: எண்ணத் தொடங்கும் நாள், ஒப்படைக்கும் நாள், கூடுதல் அவகாசம் முடியும் நாள். மூன்றும் நாள், மாதம், ஆண்டோடு எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்படைப்பு என்றால் என்ன என்பதும் எழுதப்பட வேண்டும். சாவியைக் கையில் கொடுப்பது ஒப்படைப்பு ஆகாது. பணி முடிப்புச் சான்று தேவைப்படும் கட்டடமாக இருந்தால், சான்றின் நகலோடு, மின்சார, குடிநீர் இணைப்போடு தருவதே ஒப்படைப்பு.

தேதியை வைக்க வேண்டியது கட்டுநரின் சட்டக் கடமை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டத்தின் 13-ஆம் பிரிவு, ஒப்படைக்கும் தேதியும் வட்டி விகிதமும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்கிறது. திட்டத்தைப் பதிவு செய்யும்போதே முடிக்கும் தேதியைக் கட்டுநர் ரியல் எஸ்டேட் ஆணையத்துக்குத் தெரிவித்திருப்பார். தமிழக ரெரா இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொண்டு அந்தத் தேதியைப் பார்த்து, ஒப்பந்தத் தேதியோடு ஒப்பிடுங்கள். ஒப்பந்தத்தில் இருப்பது பிந்திய தேதி என்றால் ஏன் என்று கேளுங்கள்.

நம்பிக்கை: "தாமதமானால் இழப்பீடு தருவதாக இருக்கிறது. அது போதும்."

உண்மை: எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் சதுர அடிக்கு 5 ரூபாய் என்பது பல ஒப்பந்தங்களில் இருந்துவந்த தொகை. 1,000 சதுர அடி வீட்டுக்கு மாதம் 5,000 ரூபாய், ஆண்டுக்கு 60,000 ரூபாய். நீங்கள் கட்டியிருப்பது 60 லட்சம் என்றால் இது ஆண்டுக்கு ஒரு சதவீதம். அதே ஒப்பந்தத்தில் நாலு பக்கம் தள்ளி, நீங்கள் தவணை தாமதித்தால் 18 சதவீத வட்டி என்று இருக்கும். 60 லட்சத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டால் மாதம் 90,000 ரூபாய். ஒரே ஒப்பந்தம், ஒரே மாதிரியான தாமதம். ஒருவருக்கு 5,000, மற்றவருக்கு 90,000!

இரண்டு விதிகளும் அடுத்தடுத்து இருப்பதில்லை என்பதால்தான் இது கண்ணில் படுவதில்லை. நான் பரிந்துரைக்கும் முறை எளிது. ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் நீங்கள் தவறினால் என்ன, வலப்பக்கம் அவர் தவறினால் என்ன என்று எழுதுங்கள். வட்டி, நோட்டீஸ் காலம், ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை, பணம் திரும்பும் கெடு ஆகிய நான்கையும் நிரப்புங்கள். காலியாக நிற்கும் கட்டம் எந்தப் பக்கம் என்பது உடனே தெரியும்.

குருகிராம் ஒப்பந்தத்திலும் வாங்குபவருக்கு 18 சதவீதம், கட்டுநருக்கு 9 சதவீதம் என்றே இருந்தது. அதுமட்டுமல்ல, கூடுதல் அவகாசமும் முடிந்து மேலும் 12 மாதம் காத்திருந்த பிறகுதான் வாங்குபவர் விலக முடியும். இப்போதைய சட்டத்தில் இரு பக்கத்துக்கும் வட்டி விகிதம் ஒன்றே. தமிழக விதிகள் அதை ஸ்டேட் வங்கியின் கடன் அடிப்படை விகிதத்தோடு 2 சதவீதம் கூட்டி நிர்ணயிக்கின்றன. வரைவில் இரண்டு விகிதங்கள் இருந்தால், அந்தப் பத்தியை அடித்துவிட்டு "இரு தரப்புக்கும் ரெரா விதிப்படியான வட்டி" என்று எழுதச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: "எங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத காரணங்கள் என்பது எல்லா ஒப்பந்தத்திலும் உள்ளதுதான்."

உண்மை: உள்ளதுதான், ஆனால் அதன் கீழ் எவை வரும் என்று பாருங்கள். போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் அல்லது வேறு இயற்கைப் பேரிடர் என்று சட்டம் ஒரு வரையறை வைத்திருக்கிறது. ஆள் பற்றாக்குறை, மணல் விலை, நிதி நெருக்கடி ஆகியவை அதில் கிடையாது. "முதலியன", "இன்ன பிற" என்று முடியும் பட்டியலை ஏற்காதீர்கள். "தரமான டைல்ஸ் அல்லது அதற்கு நிகரானது" என்பதும் இதே வகைதான். பிராண்ட், அளவு, சதுர அடி விலை மூன்றும் இணைப்புத் தாளில் வரட்டும். எழுத்தில் ஒன்று இருக்க, வாயால் வேறு சொன்னார் என்று பிறகு நிரூபிப்பது மிகக் கடினம்.

நம்பிக்கை: "அநியாயமான விதி கோர்ட்டில் நிற்காது. அப்புறம் ஏன் இப்போதே சண்டை?"

உண்மை: பாதி சரி. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் குருகிராம் ஒப்பந்தத்தின் விதிகள் ஒருதலைப்பட்சமானவை, நியாயமற்ற வணிக முறை என்று தீர்ப்பளித்தது. பணத்தை 10.7 சதவீத வட்டியோடு திருப்பித் தரச் சொன்ன உத்தரவும் உறுதியானது. ஆனால் கையெழுத்திட்டது 2012, தீர்ப்பு 2019. நடுவில் இருப்பவை வீடும் இல்லாமல் பணமும் இல்லாமல் கழிந்த ஆண்டுகள்.

இன்னொன்று. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத, அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டங்கள் ரெராவில் பதிவு செய்ய வேண்டியதில்லை. நம் ஊர்களில் ஒற்றை மனையில் எழும்பும் சிறு அடுக்குமாடிகளில் பல இந்த வகை. அங்கே ஆணையத்தில் பதிவான தேதி என்று ஒப்பிட எதுவும் இராது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி உண்டு என்றாலும், கையில் இருக்கும் முதல் ஆதாரம் அந்த ஒப்பந்தத்தின் வரிகள்தான். அதனால் சிறு கட்டுநரிடம் வாங்குகிறவர்கள் தாளை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.

நம்பிக்கை: "அச்சடித்த படிவம். நமக்காக மாற்ற மாட்டார்கள்."

உண்மை: முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்டால் பலர் மாற்றுவார்கள். கொடுத்த பிறகு கேட்பவருக்குப் பிடி தளர்ந்துவிடுகிறது. பதிவு பெற்ற திட்டங்களில், ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவே கூடாது. அதனால் டோக்கன் தொகையைப் பற்றிப் பேச்சு எழும்போதே வரைவை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள், ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள், திருத்தங்களையும் எழுத்தில் அனுப்புங்கள். வரைவைக் காட்டாமல் முன்பணம் கேட்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.