மெயினை அணைத்த பின்னும்

கேள்வி: மொட்டை மாடியில் தீப்பிடித்தால், மெயின் ஸ்விட்சை அணைத்ததும் சோலார் பேனல்களின் அபாயம் நீங்கிவிடாதா?

பதில்: நீங்காது. மெயினை அணைத்தவுடன் இன்வெர்ட்டர் நின்று, வீட்டுக்குள் செல்லும் மாறுமின்சாரம் அற்றுப்போவது வாஸ்தவமே. ஆனால் சூரியப் பிரகாசம் பட்டுக்கொண்டிருக்கும்வரை பேனல்களின் மின்னழுத்தம் மறையாதாதலால், அவற்றிலிருந்து இன்வெர்ட்டர் வரை வரும் கம்பிகளில் நேர்மின்சாரம் உயிரோடிருக்கும். பேனலுக்கு 40 வோல்ட் எனக் கொண்டால், வரிசையாகக் கோத்த 14 பேனல்களின் முனைகளில் நிற்பது 560 வோல்ட். பிராணாபாயத்துக்கு அதுவே போதும்.

இதைத் துண்டிப்பதிலும் விசேஷச் சிரமம் உண்டு. நம் வீட்டு மாறுமின்சாரம் வினாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டு மீள்வதால், பிரியும் முனைகளுக்கிடையே எழும் பொறி தானே அணைய அவகாசம் கிடைக்கிறது. நேர்மின்சாரத்துக்கு அத்தகைய இடைவெளி இல்லாமையால், மின்னோட்டம் இருக்கும்போது இணைப்பானைப் பிடுங்கினால் சுவாலை நீண்டு நின்று செம்பையே உருக்கிவிடும். தீயணைப்பு வீரர் கம்பியை வெட்டுவதும் இக்காரணத்தாலேயே பரிகாரமாகாது.

2013இல் நியூஜெர்சி மாகாணத்து டெலான்கோவில் 7,000க்கும் மேற்பட்ட பேனல்கள் தாங்கிய குளிர்பதனக் கிடங்கு எரிந்தபோது, அவற்றின் மின்சாரத்துக்கு அஞ்சி வீரர்களைக் கூரைமேல் அனுப்பாமலே போராட நேர்ந்தது.

தாங்கள் பொருத்துநரிடம் கேட்கவேண்டியது, ஒவ்வொரு பேனலையும் தனித்தனியே துண்டிக்கும் சாதனத்தையே. இன்வெர்ட்டர் அருகிலுள்ள ஸ்விட்ச், தனக்கு மேலுள்ள கம்பியை ஒருபோதும் சாந்தப்படுத்தாது.