மாரிக்கு முன் வீட்டின் புவிக்கம்பியைச் சோதித்தல்

திருகோணமலைப் பகுதியில் வடகீழ்ப் பருவமழை பெரும்பாலும் ஐப்பசியில் தொடங்கித் தை வரை பெய்யும். அதற்கு முன்னுள்ள நீண்ட கோடையில் பழைய மின்கம்பிகளின் குறை வெளியே தோன்றுவதில்லை. காய்ந்த சுவர் மின்சாரத்தை எளிதிற் கடத்தாது. நனைந்த சுவரோ கடத்தும். ஆதலால் ஆவணி, புரட்டாசி மாதங்களிலேயே சோதனை செய்வித்தல் நன்று.

தோட்டக் கிணற்றடியிலுள்ள மோட்டாரை எடுத்துக்கொள்வோம். கம்பியின் உறை வெடித்து, மின்சாரம் அதன் இரும்புக் கூட்டிற் பாய்கின்றது. புவிக்கோலின் தடை 100 ஓம் எனின், 230 வோல்ற்று மின்சாரம் அதன் வழியே 2.3 அம்பியர் மட்டுமே மண்ணுக்குட் செல்லும். 15 அம்பியர் பியூஸ் இதற்கு எரியாது. கூடு மின்னேறியபடியே இருக்கும். ஆனால் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடும். எனவே எங்கள் வீடுகளுக்குக் கோலும் சுவிட்சும் ஆகிய இரண்டும் வேண்டும்.

புவிக்கம்பி அறுந்திருந்தால் ஒழுக்கு மின்சாரத்துக்கு வழியில்லை, சுவிட்ச் அசையாது. ஈரக்கையுடன் கூட்டைத் தொடுபவரின் உடலே வழியாகும். சுவிட்ச் அப்பொழுது விழக்கூடும். அதிர்ச்சி தாக்கிய பின்னரே விழும். சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுந்தால், எல்லாம் சரியென்று பலர் எண்ணுகின்றனர். அப்பொத்தான் சுவிட்சை மட்டுமே சோதிக்கும். புவிக்கம்பி அறுந்திருந்தாலும் அது விழும்.

கம்பி பெரும்பாலும் கோலுடன் பிணைக்கப்பட்ட இடத்திலேயே கெடுகின்றது. உப்புக்காற்றால் அப்பிணைப்பிற் பச்சைக் களிம்பு பிடித்து, கம்பி இற்றுப்போகும். மண்வெட்டி பட்டு அறுவதும் உண்டு. இவற்றைக் கண்ணாற் பார்த்தறியலாம், கையால் தொடலாகாது. மின்சாரத்தை நிறுத்தி, களிம்பைச் சுரண்டிப் பிணைப்பை இறுக்குவதும், கோலின் தடையைக் கருவியால் அளப்பதும் அனுமதி பெற்ற மின்வினைஞரின் வேலை. அளப்பதற்கு முன் கோலடியில் நீர் ஊற்றலாகாது. ஈரமண்ணில் தடை குறைந்து காட்டும். காய்ந்த மண்ணின் அளவே நம்பத்தக்கது. அது 200 ஓமுக்கு மேற்பட்டால், கோலின் நீளத்துக்குக் குறையாத தூரத்தில் மற்றொரு கோலை இறக்கி இரண்டையும் இணைப்பித்தல் வேண்டும். மணற்பாங்கான வளவுகளில் இது அடிக்கடி தேவைப்படும்.

பழைய கல்வீடுகளில் இறப்பர் உறைக் கம்பிகள் இன்னும் இருக்கக்கூடும். உறை கறுத்து, வளைக்கும்போது பொடியாய் உதிருமாயின் நாடா சுற்றிப் பயனில்லை. கம்பியையே மாற்றுவித்தல் வேண்டும்.

மழைநாளில் சுவிட்ச் திரும்பத் திரும்ப விழுந்தால், அதைத் தவிர்த்து நேர்க்கம்பி கொடுப்பிப்போர் உளர். இது மிகக் கேடானது. செருகிகள் யாவற்றையும் கழற்றிச் சுவிட்சை ஏற்றுக. நின்றால், ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்குக. எதனைச் செருகியதும் விழுகின்றதோ அதிலேயே ஒழுக்குண்டு. அனைத்தையும் கழற்றிய பின்பும் விழுந்தால் ஒழுக்குச் சுவர்க்கம்பியிலோ, செருகியின்றி நேரே இணைத்த மோட்டாரிலோ உள்ளது. மின்வினைஞர் வந்து பார்க்கும் வரை சுவிட்சை ஏற்றாது விடுக.