காஜி கேட்ட இரண்டு சாட்சிகள்

நம்மூரில் காஜி என்றால் நிக்காஹ் பதிவேடும் பிறை அறிவிப்பும்தான் நினைவுக்கு வரும். 1880-ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் அவருக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதையும் தரவில்லை. உஸ்மானியப் பேரரசின் காஜி அப்படியல்ல. சுல்தான் நியமித்த நீதிபதி அவர். பத்திரப் பதிவாளரும் அவரே. அவருடைய நீதிமன்றங்களின் பதிவேடுகள் இஸ்தான்புல்லில் மட்டும் ஏறத்தாழ 10,000 உள்ளன. நாம் நம்பிக்கொண்டிருக்கும் சிலவற்றை அவை மறுக்கின்றன.

நம்பிக்கை: காஜி தன் மனம்போன போக்கில் தீர்ப்புச் சொல்வார்.

இதற்குப் பெரிய மனிதர்களின் ஆதரவு உண்டு. விதிகளுக்குக் கட்டுப்படாத தீர்ப்பை ‘காஜி நீதி’ என்றே குறிப்பிட்டார் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபர். மரத்தடியில் உட்கார்ந்து நியாயம் சொல்லும் காஜிகள் அல்ல நாங்கள் என்று 1949-இல் ஒரு வழக்கில் எழுதினார் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பிராங்க்பர்ட்டர்.

உண்மை: காஜியின் கைகள் நன்றாகவே கட்டப்பட்டிருந்தன. உதாரணத்துக்கு ஒரு கடன் வழக்கை எடுத்துக்கொள்வோம். ‘இவர் எனக்கு 1,000 அக்சே தரவேண்டும்’ என்கிறார் வாதி. அக்சே என்பது அன்றைய வெள்ளிக் காசு. காஜி எதிராளியைக் கேட்பார். ஒப்புக்கொண்டால் அத்தோடு முடிந்தது. மறுத்தால், நிரூபிக்கும் பொறுப்பு வாதியுடையது. இரண்டு ஆண்களையோ, ஓர் ஆணையும் இரண்டு பெண்களையோ சாட்சியாகக் கொண்டுவர வேண்டும். சாட்சி இல்லையென்றால், வாதி கேட்டுக்கொண்டபடி எதிராளி சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் வழக்கு தள்ளுபடி, தயங்கினால் வாதிக்கு வெற்றி. யார் சொல்வது உண்மை என்று காஜிக்கு உள்ளுக்குள் தோன்றினாலும் வழக்கு இந்தப் படிகளில்தான் நகர்ந்தது.

ஒவ்வொரு பதிவின் அடியிலும் சிலருடைய பெயர்கள் இருக்கும். நடந்ததை உடனிருந்து பார்த்த உள்ளூர்க்காரர்கள் அவர்கள். காஜிக்கோ ஓரிரு ஆண்டுகளில் மாற்றல் வந்துவிடும். ஊரை அறிந்தவர்களை அருகில் வைத்துக்கொள்ளாமல் வெளியூர்க்காரரான அவர் என்ன செய்வார்?

நம்பிக்கை: பிற மதத்தார் அந்தப் பக்கமே போகமாட்டார்கள்.

உண்மை: கிறித்தவர்களுக்கும் யூதர்களுக்கும் சொந்த மத நீதிமன்றங்கள் இருந்தன. இருந்தும் காஜியிடம் வந்தார்கள், தங்களுக்குள்ளான வழக்குகளுக்குக்கூட. 17-ஆம் நூற்றாண்டுக் கைசேரி நகரின் பதிவேடுகளை ஆராய்ந்த ரொனால்ட் ஜென்னிங்ஸ், அங்கே ஆர்மீனியர்களும் கிரேக்கர்களும் வீடு விற்பதற்கும் கடன் எழுதுவதற்கும் சொத்துப் பிரிப்பதற்கும் வந்ததைக் காட்டினார். பெண்களும் தாங்களே நேரில் வந்து வழக்காடினார்கள். ஜெரூசலேம் யூதர்களின் 16-ஆம் நூற்றாண்டு அன்றாட வாழ்க்கையில் பெரும்பகுதியை நாம் இன்று அறிவதே காஜியின் ஏடுகளால்தான். கிறித்தவர் சத்தியம் செய்வது ஈஸா நபிக்கு இன்ஜீலை அருளிய இறைவன்மீது. யூதர் செய்வது மூஸா நபிக்குத் தவ்ராத்தை அருளிய இறைவன்மீது.

காரணம் பக்தியல்ல, காரியம். காஜியின் தீர்ப்புக்குப் பின்னால் அரசின் கை இருந்தது. அவர் தந்த பத்திரத்தின் நகல் ஏட்டில் நின்றது. இஸ்லாமியச் சட்டப்படி மகனின் பங்கில் பாதி மகளுக்கு உறுதி என்பதால், சொத்து மறுக்கப்பட்ட மகள்கள் அங்கே வர ஒரு காரணம் இருந்தது. பாதிரிமார்களுக்கும் ரப்பிகளுக்கும் இது பிடிக்கவில்லை.

இதை வைத்து ‘எல்லோருக்கும் சம நீதி’ என்று பாடத் தொடங்குவதும் தவறு. மேலே சொன்ன கடன் வழக்கில் வாதியை ஆர்மீனியராகவும் எதிராளியை முஸ்லிமாகவும் மாற்றிப் பாருங்கள். முஸ்லிமுக்கு எதிராகக் கிறித்தவரின் சாட்சியம் செல்லாது. கடன் கொடுத்ததைப் பத்து ஆர்மீனியர்கள் பார்த்திருந்தாலும் பயனில்லை. எதிராளி சத்தியம் செய்துவிட்டுப் போய்விடலாம். ஆகவே, கொடுக்கும்போதே முஸ்லிம் சாட்சிகளை வைத்து நீதிமன்றத்தில் பதிந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். ஏடுகளில் சண்டை இல்லாத பதிவுகள் ஏராளமாக இருப்பதற்கு இப்படிப்பட்ட முன்ஜாக்கிரதையும் ஒரு காரணம்.

நம்பிக்கை: நடந்ததெல்லாம் ஏட்டில் அப்படியே இருக்கும்.

உண்மை: எழுத்தர் எழுதியது சுருக்கம், அதுவும் வழக்கமான வாய்பாட்டில். வெளியே பெரியவர்கள் பேசி முடித்த சமரசம் ஒரே வரியில் வந்து நிற்கும். அதற்குமுன் யார் யாரை மிரட்டினார் என்பது வராது. வட்டிகூட வேஷம் போட்டுத்தான் வரும்: கடன் கொடுப்பவர் வட்டித் தொகைக்கு ஒரு துணியைக் கடனாக விற்றதாகக் கணக்கு.

ஆனாலும் அந்தக் கணக்கே ஒரு சேதி சொல்கிறது. இஸ்தான்புல்லின் 17, 18-ஆம் நூற்றாண்டுக் கடன் பதிவுகளைத் திமூர் குரானும் ஜாரெட் ரூபினும் ஒப்பிட்டார்கள். முஸ்லிம்கள், ஆண்கள், பட்டம் பெற்ற பெரிய மனிதர்கள் ஆகியோர்தான் கூடுதல் வட்டி கட்டியிருந்தார்கள். பிற மதத்தாரும் பெண்களும் சாமானியர்களும் கட்டியது குறைவு. நீதிமன்றம் யார் பக்கம் சாயும் என்று கடன் கொடுப்பவர்களுக்குத் தெரியும், வசூலிக்கக் கஷ்டமான ஆளிடம் அதற்கும் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள் என்பது அந்த இருவரின் விளக்கம்.