ஆர்டரை நிராகரிக்கும் நிரல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பங்குச் சந்தையில் தானாக வாங்கி விற்கும் நிரலைப் பைதானில் எழுதுகிறவர்கள் பலரும் ஒரு கட்டத்தில் ரிஸ்க் மாட்யூல் என்ற பகுதியைச் சேர்க்கிறார்கள். ஒரு பங்கில் இவ்வளவுக்கு மேல் பணம் சிக்கக்கூடாது, மொத்தக் கணக்கில் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்து, அதை மீறும் ஆர்டரைத் தரகரிடம் போகவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. பார்ப்பதற்கு ஒரு `if` வரியில் முடிந்துவிடுவது போலத் தெரியும். அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் தவறான நம்பிக்கைகள் வளர்ந்திருக்கின்றன.

நம்பிக்கை: கையில் எத்தனை பங்கு இருக்கிறது என்று பார்த்து, புது ஆர்டரைக் கூட்டிப் பார்த்தால் போதும்.

போதாது. சந்தைக்கு அனுப்பப்பட்டு இன்னும் நிறைவேறாமல் நிற்கும் ஆர்டர்களும் கணக்கில் சேர வேண்டும்.

ஒரு பங்கின் விலை ரூ.1,000 என்றும், அதில் நமக்குள்ள வரம்பு ரூ.10 லட்சம் என்றும் கொள்வோம். அதாவது 1,000 பங்குகள். கையில் 600 இருக்கிறது. 300 வாங்கச் சொல்லி ஒரு ஆர்டர் நிலுவையில் நிற்கிறது. இப்போது 200 வாங்க இன்னொரு ஆர்டர் வருகிறது. கையிருப்பை மட்டும் பார்க்கும் நிரல் 800 என்று கணக்கிட்டு அனுமதித்துவிடும். சற்று நேரத்தில் இரண்டும் நிறைவேறினால் 1,100 பங்குகள். வரம்பு மீறப்பட்டது, ஆனால் எந்தச் சோதனையிலும் அது தெரியவில்லை.

இதைத் திருத்த முனைகிறவர்கள் அடுத்த தவறைச் செய்கிறார்கள். நிலுவையில் 500 விற்கும் ஆர்டரும் இருந்தால் அதைக் கழித்துவிடுகிறார்கள்: 600 + 300 − 500 + 200 = 600, நல்ல இடைவெளி இருக்கிறது என்று. வாங்கும் ஆர்டர் நிறைவேறி, விற்கும் ஆர்டர் நிறைவேறாமலே நின்றுவிடலாம். விலை இறங்கும் நாளில் அதுதான் நடக்கும். வாங்கக் காத்திருந்தவை அனைத்தும் நிறைவேறும், மேல் விலையில் விற்கக் காத்திருந்தது அப்படியே நிற்கும். ஆகவே வாங்குவன எல்லாம் நிறைவேறி எதுவும் விற்காத நிலை ஒன்று, விற்பன எல்லாம் நிறைவேறி எதுவும் வாங்காத நிலை இன்னொன்று. இரண்டில் மோசமானதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

```python
def worst(pos, buys, sells, px):
    return max(abs(pos + buys), abs(pos - sells)) * px
```

ஆர்டர்கள் எந்த வரிசையில், எவ்வளவு பாதியாக நிறைவேறினாலும் கையிருப்பு இந்த இரு எல்லைகளுக்கு நடுவில்தான் இருக்கும். அதனால் இரு முனைகளைப் பார்த்தால் போதும்.

இந்தக் கணக்கு சரியாக நடக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. நிலுவையிலுள்ள 300-இல் 100 நிறைவேறினால் கையிருப்பு 700 ஆகும், நிலுவை 200 ஆகும். கூட்டுத்தொகை முன்பும் 900, பின்பும் 900. ஒரு வாங்கல் நிறைவேறும்போது இந்தக் கூட்டுத்தொகை மாறினால் உங்கள் பதிவேட்டில் பிழை இருக்கிறது. ஆர்டரை ரத்து செய்யும்போதும் கவனம் வேண்டும். ரத்துக் கோரிக்கையை அனுப்பியவுடன் நிலுவையைக் கழிக்கக்கூடாது. கோரிக்கை போய்ச் சேருவதற்குள் ஆர்டர் நிறைவேறியிருக்கலாம். சந்தையிலிருந்து ரத்து உறுதியான பிறகே கழிக்க வேண்டும்.

நம்பிக்கை: விற்கும் ஆர்டர் ஆபத்தைக் குறைக்கத்தானே செய்கிறது, அதைச் சோதிக்க வேண்டாம்.

கையில் 600 பங்கு. உத்தி 600 விற்கச் சொல்கிறது. தரகரின் பதில் வரவில்லை. பதில் வராததால் மறுபடியும் 600, மறுபடியும் 600 என்று நிரல் அனுப்புகிறது. மூன்றும் நிறைவேறினால் கையில் −1,200. இல்லாத பங்கை விற்று, ரூ.12 லட்சத்துக்கு ஷார்ட் நிலையில் நிற்கிறோம். மேலே உள்ள `worst` இதை மூன்றாவது ஆர்டரிலேயே பிடித்துவிடும். விற்பனைக்கு விலக்கு கொடுத்த நிரல் பிடிக்காது. முதல் இரண்டும் சேர்ந்து −600-இல் நிற்பதால் இந்த வரம்பு அவற்றை விட்டுவிடும் என்பதையும் சொல்லவேண்டும். ஒரே ஆர்டர் இரண்டு முறை போவதைத் தடுக்க, ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் கொடுத்துத் தனியாகச் சோதிப்பதே வழி.

நேர் எதிர்த் திசையிலும் ஒரு தவறு உண்டு. 1,000 பங்கு கையில் இருக்கும்போது விலை ரூ.1,100 ஆகிறது. மதிப்பு ரூ.11 லட்சம், யாரும் எதுவும் வாங்காமலே வரம்பு மீறிவிட்டது. "விளைவு வரம்புக்கு மேல் இருந்தால் நிராகரி" என்று மட்டும் எழுதப்பட்ட நிரல், வெளியேறுவதற்கான விற்பனை ஆர்டரையும் நிராகரிக்கும். காவலுக்கு வைத்ததே நம்மைச் சிறைவைத்துவிடும். இந்த ஆர்டர் நிலைமையை மேலும் மோசமாக்குகிறதா என்பதே சரியான கேள்வி:

```python
ok = after <= max(limit, before)
```

`before` என்பது ஆர்டருக்கு முந்தைய மோசமான நிலை, `after` அதற்குப் பிந்தையது. வரம்புக்குள் இருந்தால் வரம்பே எல்லை. ஏற்கெனவே மீறியிருந்தால், இருக்கும் நிலையைக் கூட்டாத ஆர்டர் மட்டும் போகலாம்.

நம்பிக்கை: வாங்கியதும் விற்றதும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன, நிகரம் சிறியதாக இருந்தால் கவலையில்லை.

இதற்கான பதில் 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் கிடைத்தது. நைட் கேபிடல் என்ற பெரிய தரகு நிறுவனம் தன் ஆர்டர் அனுப்பும் மென்பொருளைப் புதுப்பித்தபோது, எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய நிரல் ஏறவில்லை. அதில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தப்படாத 'பவர் பெக்' என்ற பழைய நிரல் உயிர்பெற்றது. அனுப்பிய சிறு ஆர்டர்கள் எவ்வளவு நிறைவேறின என்று எண்ணி நிறுத்தும் பகுதி 2005-இலேயே அந்த நிரலிலிருந்து வேறிடத்துக்கு நகர்த்தப்பட்டிருந்தது. எனவே நிறைவேறியது தெரியாமல் அது அனுப்பிக்கொண்டே இருந்தது. 212 வாடிக்கையாளர் ஆர்டர்களுக்காக, சுமார் 45 நிமிடங்களில், 154 பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்கள் நடந்தன.

முடிவில் 80 பங்குகளில் சுமார் 350 கோடி டாலருக்கு வாங்கிய நிலை, 74 பங்குகளில் சுமார் 315 கோடி டாலருக்கு விற்ற நிலை. நிகரம் பார்த்தால் 35 கோடி. இரண்டையும் குறியில்லாமல் கூட்டினால் 665 கோடி. இந்த நிலைகளிலிருந்து வெளியேறியதில் நிறுவனம் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. வாங்கிய பங்குகளும் விற்ற பங்குகளும் வேறு வேறு. ஒன்றின் ஏற்றம் இன்னொன்றின் இறக்கத்தை ஈடுகட்டும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. எனவே கணக்கு முழுவதற்குமான வரம்பு, ஒவ்வொரு பங்கின் மோசமான நிலையையும் குறியில்லாமல் கூட்டிய தொகைக்கே முதலில் வைக்கப்பட வேண்டும். நிகர வரம்பு அதற்குத் துணையாக இருக்கலாம், மாற்றாக இருக்க முடியாது.

அமெரிக்கச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்.இ.சி. 2013-இல் வெளியிட்ட ஆவணத்தில் இன்னொரு விவரமும் உண்டு. இந்தத் தவறான வர்த்தகங்கள் போய்ச் சேர்ந்த உள் கணக்குக்கு 20 லட்சம் டாலர் வரம்பு ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்த எண், ஆர்டரை நிறுத்தும் எந்தத் தானியங்கிச் சோதனையுடனும் இணைக்கப்படவில்லை. வர்த்தகம் முடிந்தபின் மனிதர்கள் திரையைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள் என்றே விடப்பட்டிருந்தது. ஆர்டர் சந்தைக்குப் போகும் முன்பே சோதனை நடக்க வேண்டும் என்ற விதியை எஸ்.இ.சி. 2010-இலேயே கொண்டுவந்திருந்தது. அதை மீறியதற்காக நைட் கேபிடலுக்கு 1.2 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

நம்பிக்கை: கணக்கு சரியாக இருந்தால் நிரலும் சரியாகவே நடக்கும்.

பைதானில் இரண்டு இடங்களில் இது பொய்யாகிறது. முதலாவது, விலை கிடைக்காதபோது. விலைப் பட்டியலை பாண்டாஸில் வைத்திருப்பவர்களுக்கு, விடுபட்ட விலை `nan` என்று வரும். அதனுடன் ஒப்பிட்டால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள்:

```python
>>> float("nan") > 1_000_000
False
```

"வரம்பைவிடப் பெரியதா? ஆம் என்றால் நிராகரி" என்று எழுதிய நிரலில், விலையே தெரியாத ஆர்டர் எந்தத் தடையுமின்றிப் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. கேள்வியைத் திருப்பி, "வரம்புக்குள் இருக்கிறதா? ஆம் என்றால் மட்டும் அனுப்பு" என்று எழுதினால் அதே `nan` நிராகரிக்கப்படும். மேலே `ok`-ஐ `<=` என்று எழுதியதற்குக் காரணம் இதுவே. இதோடு `math.isfinite(px)` என்று விலையையும், பூஜ்யத்துக்கு மேல் இருக்கிறதா என்று ஆர்டரின் எண்ணிக்கையையும் வாசலிலேயே சோதித்துவிட வேண்டும். சில நிமிடங்களுக்கு முந்தைய விலையையும் தெரியாத விலையாகவே நடத்துங்கள்.

இரண்டாவது, இரண்டு உத்திகள் ஒரே நேரத்தில் ஆர்டர் அனுப்பும்போது. 900-இல் நிற்கும் கணக்கில் இரண்டு திரெட்கள் தலா 100 வாங்க வருகின்றன. இரண்டும் 900-ஐப் பார்க்கின்றன, இரண்டும் 1,000 என்று கணக்கிடுகின்றன, இரண்டும் போகின்றன. பைதானின் ஜி.ஐ.எல். இதைக் காக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டும் ஓடுவதை அது உறுதிசெய்கிறது. சோதிப்பதற்கும் பதிவதற்கும் நடுவில் திரெட் மாறாது என்று அது சொல்லவே இல்லை. `asyncio`-விலும் இரண்டுக்கும் நடுவில் ஒரு `await` இருந்தால் இதே கதைதான். சோதனையும் நிலுவைப் பதிவும் ஒரே லாக்குக்குள் முடிய வேண்டும்:

```python
def submit(self, o):
    with self.lock:
        reason = self.check(o)
        if reason:
            return self.reject(o, reason)
        self.reserve(o)
    return self.broker.send(o)
```

முதலில் பதிவு, பிறகு அனுப்புதல். `send` நேரம் கடந்து பிழையாகத் திரும்பினால் பதிவை அழிக்காதீர்கள். ஆர்டர் சந்தைக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது அப்போது நமக்குத் தெரியாது. தரகரிடம் கேட்டு உறுதியாகும் வரை அது நிலுவையில்தான் இருக்க வேண்டும்.

உங்களிடம் இப்படியொரு மாட்யூல் ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த வர்த்தக நாளுக்கு முன் மூன்று ஆர்டர்களைச் சோதனைச் சூழலில் அனுப்பிப் பாருங்கள்: விலை `nan` ஆக உள்ள ஒன்று, நிலுவையைச் சேர்த்தால் மட்டும் வரம்பை மீறும் ஒன்று, வரம்பு மீறிய நிலையிலிருந்து வெளியேறும் ஒன்று. முதல் இரண்டும் நிராகரிக்கப்பட வேண்டும், மூன்றாவது போக வேண்டும். பிறகு, `broker.send` என்ற அழைப்பை நிரல் முழுவதும் தேடுங்கள். `submit`-க்கு வெளியே ஒரே ஒரு இடத்தில் அது இருந்தாலும், முதலில் அதை நீக்குங்கள்.