மேட்டூர் நீர்மட்டக் கோட்டை அலைபேசியில் படிக்கும்போது

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் மழைக்காலத்தில் மேட்டூர் நீர்மட்ட வரைபடத்தை அலைபேசியில் பார்ப்பார்கள். கோட்டைப் பார்க்குமுன் இடது ஓரத்து எண்களைப் படியுங்கள். மட்டம் 119.5 அடியிலிருந்து 118.5 அடிக்கு இறங்கியதாக வைத்துக்கொள்வோம். செயலி தானாகவே அளவை 118.4 முதல் 119.6 வரை சுருக்கிக்கொண்டால், ஐந்து சென்டிமீட்டர் உயரப் படத்தில் கோடு நான்கு சென்டிமீட்டருக்கு மேல் சரியும். அளவு 0 முதல் 120 வரை என்றால் அதே சரிவு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அலைபேசியைப் படுக்கவைத்தால் செங்குத்தான கோடு சாய்ந்துபோகும். நீர் என்னவோ அதே நீர்தான்.

அப்படியானால் எப்போதும் சுழியத்திலிருந்தே பார்க்கலாமே என்பார்கள். அதுவும் சரியல்ல. நிறைமட்டத்தை ஒட்டிய ஓர் அடி என்பது ஏறக்குறைய ஒன்றரை டிஎம்சி. பாசனத்துக்கு அது பெரிய கணக்கு. ஆகவே வாரம், மாதம், ஆண்டு என மூன்று அளவிலும் பார்த்து, மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்துப் பாருங்கள். இன்னொன்று, எந்த அளவில் பெரிதாக்கினாலும் வெள்ளம் இந்தக் கோட்டில் தெரியாது. அணை 120 அடியில் நிரம்பி வழியும்போது கோடு தட்டையாகவே கிடக்கும். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு கொள்ளிடம் கதவணையின் மதகுகள் உடைந்ததும் அப்படிப்பட்ட வெள்ளக் காலத்தில்தான். ஆற்றங்கரையில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது கன அடியில் வரும் நீர் வெளியேற்றத்தை.