எழுத்தறிந்து சொல் பிரித்தல்

குமரி மாவட்டத்தின் கடலோரக் கோட்டைகளுள் ஒன்று வட்டக்கோட்டை. இப்பெயரைக் கொண்ட மாதிரிச் செய்தித் தலைப்பு ஒன்றையும் வேறொரு தலைப்பையும் நோக்குவோம்.

1. வட்டக்கோட்டையில் சுற்றுலாப் பயணிகள் திரண்டனர்
2. வட்டி விகிதம் உயர்வு

முன்னது சுற்றுலா, பின்னது வணிகம். தலைப்புகளைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் நிரல், முதலில் அவற்றைச் சொற்களாகப் பிரிக்கும். பின்னர் எச்சொல் எவ்வகையில் மிகுதியாக வருகிறது என எண்ணும்.

பைத்தான் மொழியில் சொற்பிரிப்புக்குப் பலரும் கையாளும் `\w+` என்னும் அமைப்பு, ஒருங்குறி 'எழுத்து' என்றோ 'எண்' என்றோ வகுத்தவற்றையும் அடிக்கோட்டையுமே சொல்லின் உறுப்பாகக் கொள்ளும். தமிழின் புள்ளியும் துணையெழுத்துகளும் அங்கு எழுத்துகள் அல்ல; சார்ந்து வரும் குறிகள். ஆதலால் அவை வரும் இடந்தோறும் சொல் உடைகிறது. 'வட்டக்கோட்டை' என்பது 'வட, டக, க, ட, ட' எனச் சிதறுகிறது. 'வட்டி' என்பது 'வட, ட' ஆகிறது. 'வட' இரண்டிற்கும் பொதுவாகிவிடுவதால், நிரல் கோட்டையையும் கடன்வட்டியையும் ஒரே இனமாகக் கருத நேரும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. பிரித்த துண்டுகளை அச்சிட்டுப் பார்த்தால்தான் பிழை புலப்படும்.

```python
import re, unicodedata
t = unicodedata.normalize("NFC", t)
s = re.findall(r"[\u0B80-\u0BFF]+", t)
```

மூன்றாம் வரி, தமிழுக்குரிய குறியிடம் முழுவதையும் சொல்லின் உறுப்பாக்குகிறது. இரண்டாம் வரிக்கும் காரணம் உண்டு. 'கோ' என்பதன் துணையெழுத்து ஒரே குறியாகவும் பதிவாகலாம். இரட்டைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. அவ்வரி அவற்றை ஒன்றாக்குகிறது.

எனினும் 'வட்டக்கோட்டையில்', 'வட்டக்கோட்டைக்கு' ஆகியன இன்னும் இரு சொற்களாகவே எண்ணப்படும். வேற்றுமை உருபைப் பிரித்தறிவது அடுத்த படி.